துபாய், ஷார்ஜாவுக்குப் புதுசா வந்திருக்க நம்ம ஊரு தம்பிமாருக்கு: பெட்டிங் ஆப், போலி லிங்க் பத்தி

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து புதுசா வந்து ரூம்ல சேந்திருக்க பிள்ளையளுக்குத்தான் இத எழுதுதேன். எமிரேட்ஸ் ஐடி, சிம், சம்பள அக்கவுண்ட் பத்தியெல்லாம் ரூம்ல உள்ள அண்ணன்மார் சொல்லித் தந்துருவாங்க. இத மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா இதுல காசு போனவன் வெளிய வாயே தொறக்க மாட்டான்.

எப்படி நடக்குன்னு பாருங்க. கிரிக்கெட் சீசன்ல ஏதோ ஒரு டெலிகிராம் குரூப்ல உங்க நம்பர சேத்துவிட்டு பெட்டிங் ஆப் லிங்க் அனுப்புவான். குளச்சல்காரப் பையன் ஒருத்தன் அதுல 500 ரூவா போடுதான்னு வச்சுக்கிடுங்க, ஆப்ல 1,200 காட்டுது, எடுத்தா நிஜமாவே பேங்க்ல வந்து விழுது. அதோட நம்பிட்டான். அடுத்து 20,000 போடுதான், ஸ்க்ரீன்ல 1,40,000 ஆயிடுது, எடுக்கப் போனா "30% டேக்ஸ் 42,000 முதல்ல கட்டுங்க"ன்னு மெசேஜ் வருது. கட்டினா அடுத்து வெரிஃபிகேஷன் ஃபீஸ்னு கேப்பான், அதுக்கப்புறமும் நிறுத்த மாட்டான்.

இந்த 30% நிஜம் மாதிரி தோணும், ஏன்னா ஆன்லைன் கேம்ல ஜெயிச்ச காசுக்கு இந்தியாவுல அந்த வரி இருக்கு. ஆனா வரிய ஜெயிச்ச காசுல இருந்தே புடிச்சிட்டுத்தான் மீதிய தரணும், உங்க கையில இருந்து தனியா வாங்குற முறையே கெடையாது. எடுக்கதுக்கு முன்னால காசு கேட்டாலே அது போலி, அந்த 1,40,000 அவன் அடிச்சு வச்ச வெறும் நம்பர்.

முதல்ல வந்துச்சே 1,200, அதுதான் எனக்கு ரொம்ப பயம். அது பெரும்பாலும் ஏமாந்த இன்னொருத்தன் காசு. அவன் புகார் குடுத்தா போலீஸ் காசு போன வழியில வரும்போது உங்க அக்கவுண்டும் அதுல மாட்டும், பேங்க்ல லியன் போட்டு காச எடுக்க விடாம நிறுத்திருவான், அப்பறம் ஊர்ல வீட்டு லோன், சீட்டு காசு எல்லாம் நின்னுரும். காசு போட அவன் தர்ற யூபிஐ ஐடியயும் பாருங்க, ஒவ்வொரு தடவையும் வேற வேற தனி ஆள் பேரு, இல்லன்னா சம்பந்தமே இல்லாத கடை பேரு வரும். வாடகைக்கு எடுத்த அக்கவுண்டுங்க அது.

அடுத்தது ஏபிகே ஃபைல். பிளே ஸ்டோர்ல இல்லாத ஆப்ப வாட்ஸ்அப்ல அனுப்புவான், போட்ட உடனே எஸ்எம்எஸ் படிக்க பெர்மிஷனும் Accessibility-யும் கேக்கும். ஒரு பெட்டிங் ஆப்புக்கு உங்க மெசேஜ் எதுக்கு மக்கா? ஓடிபிய எடுக்கத்தான். Accessibility குடுத்துட்டா ஸ்க்ரீன்ல உள்ளத படிக்கும், உங்களுக்குப் பதிலா பட்டனும் அழுத்தும். ஊரு சிம்ம அம்மா ஃபோன்ல போட்டுட்டு வந்திருந்தா பேங்க் ஓடிபி அங்கதான் போவும், அதனால அவங்களுக்கும் இத சொல்லி வைங்க.

போலி பேங்க் சைட்ட கண்டுபிடிக்க அட்ரஸ முன்னால இருந்து படிக்காதீங்க. `https://`க்கு அப்பறம் வர்ற முதல் சாய்வுக்கோடு வரைக்கும் மட்டும் எடுத்து, அதுல கடைசியில என்ன இருக்குன்னு பாருங்க.

```
https://sbi.bank.in/
https://sbi.bank.in.bonus-kyc.xyz/login
```

ரெண்டாவதுல முன்னால பேங்க் பேரு இருந்தாலும் சைட்டோட நிஜப் பேரு bonus-kyc.xyz. ரிசர்வ் பேங்க் சொன்னபடி இந்திய பேங்குங்க எல்லாம் 2025ல bank.inக்கு மாறியாச்சு, அதுலயே முடியலன்னா பாஸ்வேர்ட் அடிக்காதீங்க. பூட்டு படம் இருக்குன்னு நம்பவும் கூடாது, போலி சைட்டுக்கும் அது கெடைக்கும்.

சம்பளம் போற என்ஆர்ஈ அக்கவுண்ட்ட யூபிஐல சேக்காதீங்க. யூபிஐக்கு ஊர்ல வர்ற வருமானத்துக்கு உள்ள என்ஆர்ஓ அக்கவுண்ட்ல கொஞ்சம் காசு மட்டும் வச்சா போதும், பேங்க் ஆப்ல கார்டோட ஆன்லைன், இன்டர்நேஷனல் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு தேவைப்படும்போது மட்டும் ஆன் பண்ணுங்க. காசு வாங்க யூபிஐ பின் தேவையே இல்ல, பின் அடிச்சா உங்க காசுதான் போவும்.

ஏபிகே ஏற்கனவே போட்டாச்சுன்னா ஃபோன முதல்ல ஏரோபிளேன் மோட்ல போடுங்க, வேற ஃபோன்ல இருந்து பேங்குக்குக் கூப்ட்டு கார்டு, நெட்பேங்கிங், யூபிஐ எல்லாத்தயும் பிளாக் பண்ணச் சொல்லுங்க, புகார் நம்பர எழுதி வைங்க. ஓடிபி, பின் நீங்களே குடுத்திருந்தா பேங்குக்குச் சொல்லுற வரைக்கும் போனது உங்க நஷ்டம், சொன்னதுக்கப்பறம் போனா பேங்க் பொறுப்பு, அதனால ஒவ்வொரு நிமிஷமும் காசுதான். அப்பறம் ஃபோன ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டு பாஸ்வேர்டுகள வேற ஃபோன்ல இருந்து மாத்துங்க. ஊர்ல இருக்கவங்கள 1930க்குக் கூப்பிடச் சொல்லுங்க, நீங்க இங்க இருந்தே cybercrime.gov.inல புகார் போடுங்க, காசு அனுப்பினதுக்கு வர்ற 12 இலக்க யூடிஆர் நம்பர், அவன் யூபிஐ ஐடி, சாட் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் வேணும், அதனால கோபத்துல சாட்ட அழிச்சிராதீங்க.

பெட்டிங் ஆடினேன்னு எப்படி புகார் குடுக்கன்னு நெறைய பேரு சும்மா இருந்துருதாங்க, கள்ளனுக்கு அதுதான் வேணும். 2025 ஆகஸ்ட்ல வந்த இந்திய ஆன்லைன் கேமிங் சட்டம் காசு வச்சு ஆடுற ஆப்ப தடை பண்ணுது, ஆனா அதுல தண்டனை நடத்துறவன், விளம்பரம் பண்ணுறவன், காசு பரிமாற்றம் செஞ்சு குடுக்கவன் இவங்களுக்குத்தான், ஆடினவனுக்கு இல்ல. ஆனா இங்க அமீரகத்துல லைசென்ஸ் இல்லாத சூதாட்டம் குற்றம், பிடிபட்டா விசாவுக்கே சிக்கல் வரலாம், அதனால ரூம்ல யாராவது லிங்க் அனுப்பினா சும்மா ஃபார்வேர்ட் கூட பண்ணிராதீங்க.