பழைய இயந்திரத்தைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது கணக்கில் நேரும் தவறுகள்

எக்ஸ்சேஞ்சில் இயந்திரம் மாற்றும்போது விற்பவர் பழையதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். அந்தத் தொகையை அப்படியே நம்பிக் கணக்கு எழுதுவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய இயந்திரத்தின் அடக்க விலை 8,00,000. எட்டு வருடங்களுக்கு ஆண்டுதோறும் 1,00,000 தேய்மானம் எழுதுகிறோம். ஐந்து வருடங்கள் முடிந்து, ஆறாவது வருடத்தின் நடுவில் அதைக் கொடுத்துப் புதியதை வாங்குகிறோம். புதியதன் பட்டியல் விலை 12,00,000. பழையதற்கு 3,00,000 கழித்து, மீதி 9,00,000 பணமாகக் கொடுத்தாயிற்று.

போன வருடக் கடைசியில் ஏட்டில் நின்ற மதிப்பு 3,00,000. கழிவும் அதே 3,00,000. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று பலர் நிம்மதியாக ஏட்டை மூடிவிடுவார்கள். இரண்டு எண்களும் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் இந்த வருடம் ஓடிய ஆறு மாதத்துக்கு 50,000 தேய்மானம் இன்னும் எழுதவில்லை. அதை எழுதினால் ஏட்டு மதிப்பு 2,50,000 ஆகிவிடும்.

அப்படியானால் 50,000 லாபமா? அதுவும் இல்லை. பழையது எதையும் கொடுக்காமல் முழுப் பணத்துக்கு வாங்கினால் அதே இயந்திரம் 11,20,000-க்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 3,00,000 கழிவில் 80,000 புதியதற்கான தள்ளுபடி. பழையதன் உண்மையான விலை 2,20,000 மட்டுமே. ஆக, ஏட்டு மதிப்போடு பார்த்தால் 30,000 நட்டம். தள்ளுபடியைப் பழையதன் தலையில் கட்டிப் பெரிய தொகையாகக் காட்டுவது விற்பவர்களுக்குக் கைவந்த கலை. அதனால் பழையதைப் பற்றிப் பேச்சை எடுப்பதற்கு முன்பே ரொக்க விலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அது கிடைக்காவிட்டால், அதே வயதுள்ள இயந்திரம் வெளியில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிக்கலாம்.

சரி, பதிவு எப்படி? புதிய இயந்திரம் 11,20,000, திரண்ட தேய்மானம் 5,50,000, நட்டம் 30,000 ஆகியவை பற்று. பழைய இயந்திரம் 8,00,000, பணம் 9,00,000 ஆகியவை வரவு. இரண்டு பக்கமும் 17,00,000.

இன்னொரு தவறு, கொடுத்த 9,00,000-ஐ மட்டும் புதிய இயந்திரத்தின் விலையாக எழுதிவிட்டுப் பழையதை ஏட்டிலேயே விட்டுவிடுவது. புதியதன் விலை 2,20,000 குறைவாக நிற்கும். தேய்மானமும் வருடாவருடம் குறைவாக விழும். பழையதற்கோ, பட்டறையில் இல்லாத இயந்திரத்துக்குத் தேய்மானம் ஓடிக்கொண்டே இருக்கும். வருடக் கடைசியில் சொத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரங்களை நேரில் எண்ணிப் பார்த்தால், இது அன்றே பிடிபட்டுவிடும்.