போட்டோவிலிருந்து மருதாணி டிசைன்: ஆச்சி முகம் மூன்றாம் முறைதான் வந்தது

ஆச்சியின் பழைய போட்டோ ஒன்றை மருதாணி டிசைன் மாதிரி வரைந்து தரச் சொல்லி சித்தி கேட்டிருந்தார். முதலில் வரைந்ததை அம்மாவிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு, யாரு இது?” என்றார். நெற்றி, கன்னம், கழுத்து என்று ஓர் இடம் விடாமல் பூவும் மாங்காயுமாக நிரப்பி வைத்திருந்தேன். மூன்றாவது முறைதான் ஆச்சி வந்தார். அந்த மூன்றாவது முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. போட்டோ

ஜன்னல் வெளிச்சம் போல ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழுந்த படமாக எடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்த படத்தில் நிழலே இருக்காது. நமக்கு வேண்டியது நிழல்தான்.

2. நான்கு நிறமாகக் குறைப்பது

நான் GIMP பயன்படுத்துகிறேன். இலவசம், இந்த வேலைக்கு அது போதும். வரிசை இது:

```
Colors > Desaturate > Desaturate
Filters > Blur > Gaussian Blur
Colors > Posterize  (4)
```

நடுவில் உள்ள Blur-ஐ விட்டுவிடாதீர்கள். விட்டால் கன்னமெல்லாம் தூசி விழுந்தது போலக் குட்டிக் குட்டித் திட்டுகள் வரும், எதை வரைவது என்றே தெரியாது. திட்டுகள் மறையும் அளவுக்கு மங்கலாக்கினால் போதும். பிறகு A4 தாளில் பிரிண்ட் எடுத்து, டிரேசிங் பேப்பர் வைத்து, நிறம் மாறும் எல்லைகளை மட்டும் பென்சிலால் லேசாக எடுங்கள். கண், நாசித்துளை, உதடுகள் சேரும் கோடு இவற்றை மட்டும் அசல் போட்டோவைப் பார்த்து வரையுங்கள். மூக்குத் தண்டுக்குக் கோடு வேண்டாம். போட்டால் முகம் கார்ட்டூன் ஆகிவிடும்.

3. அட்டை போட்டுப் பார்ப்பது (நான் சறுக்கிய இடம்)

மருதாணியில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. கோடு உண்டு, வெறும் தோல் உண்டு, அவ்வளவுதான். ஆகவே நிழலின் அழுத்தத்தைக் கோடுகளின் நெருக்கம்தான் காட்ட வேண்டும். இது புரியாமல்தான் முதலில் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கத்தில் வரைந்து ஆச்சியைத் தொலைத்தேன்.

தனித் தாளில் 3 செ.மீ. கட்டங்கள் நான்கு போடுங்கள், இதுதான் அட்டை. முதல் கட்டம் வெறுமையாக இருக்கட்டும். இரண்டாவதில் 0.3 பேனாவால் 4 மி.மீ. இடைவெளியில் வலை போடுங்கள். மூன்றாவதில் அதே வலை, இடைவெளி 2 மி.மீ. இடைவெளி பாதியானால் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். நான்காவதில் தலைகீழ் வேலை: கறுப்பாக நிரப்பி, பூவையோ சுருளையோ மட்டும் வெள்ளையாக விட்டுவிடுங்கள். இப்போது அட்டையைக் கை நீளத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நான்கும் படிப்படியாகக் கறுத்துப் போவது தெரிய வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகத் தெரிந்தால் மூன்றாவதில் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு புள்ளி வையுங்கள்.

4. நிரப்புவது

ஆச்சியின் கொண்டை நான்காம் கட்டம். சீப்பு ஓடும் திசையிலேயே வெள்ளைச் சுருள்களை விட்டேன். கண்குழியும் தாடைக்குக் கீழே விழுந்த நிழலும் மூன்றாம் கட்டம், கன்னத்தின் ஓரம் இரண்டாம் கட்டம். நெற்றியும் வெளிச்சம் விழுந்த கன்னமும் வெள்ளை. அங்கே கை துறுதுறுக்கும், ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். ஆசையெல்லாம் சேலையில் தீர்த்துக்கொள்ளலாம். பெரிய மாங்காய், கொடி எல்லாம் அங்கேதான்.

நிழல் எல்லையைப் பேனாவால் கோடு இழுக்கக் கூடாது. பூவும் இலையும் அங்கே வந்து நின்றால் அதுவே எல்லை. இழுத்தால் கன்னத்தில் தழும்பு போலத் தெரியும்.

ஜெல் பேனா எனக்குப் பிடிக்காது, டிரேசிங் பேப்பரில் கை பட்டதும் இழுவிக்கொள்ளும். நுனி மெல்லிய பிக்மென்ட் பேனாவில் 0.1, 0.3, 0.8 மூன்றும் இருந்தால் போதும்.

பின்சேர்க்கை 1: வேறு தாளுக்கு மாற்றியபோது மூக்குத்தி எதிர்ப்பக்கம் போய்விட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். டிரேசிங் பேப்பரைக் கவிழ்த்துத் தேய்த்திருப்பார், அப்படிச் செய்தால் முகமே கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். பின்புறம் 4B பென்சிலால் பூசிவிட்டு, முன்புறம் மேலே இருக்க, கோடுகளின் மேல் மறுபடி ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: “இதையே கோனில் உள்ளங்கையில் போடலாமா?” போடலாம், ஆனால் நான்கு நிறம் அங்கே செல்லாது. கோன் கோடு ஏறக்குறைய 1 மி.மீ. வரும், விழுது கொஞ்சம் பரவும், 2 மி.மீ. வலை ஒன்றோடொன்று ஒட்டி அப்பிவிடும். Posterize-க்குப் பதில் Threshold போட்டு இரண்டே நிறமாக்குங்கள். முகத்தில் கண், புருவம், உதடு, மூக்கின் கீழ் நிழல் மட்டும். மற்ற நுணுக்கமெல்லாம் கொண்டையிலும் சேலையிலும்.