அறைத்தோழரிடம் முதல் மாதத்தில் எப்படிப் பேசக்கூடாது

கல்லூரி விடுதிகளில் அறை மாற்றம் கேட்டு வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் சேர்ந்த மூன்றாம் வாரத்தில்தான் வரத் தொடங்கும். இரவில் விளக்கு எரிகிறது, மின்விசிறியை நிறுத்திவிடுகிறார், ஈரத்துணியை என் கட்டிலின் மேல் காயப்போடுகிறார் என்பனவே அவற்றில் எழுதப்பட்டிருக்கும் காரணங்கள். சில ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்தபோது, அப்படி எழுதித் தந்தவர்களை உட்காரவைத்துப் பேசினால், பாதிப்பேராவது ஐந்தாவது நிமிடத்தில் விளக்கையும் மின்விசிறியையும் விட்டுவிட்டு, "வந்த அன்னைக்கே கண்டுக்கல சார்" என்றோ, "எங்க போனாலும் கேள்வி கேட்கிறான் சார்" என்றோ சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆகவே, ஒருவரை ஒருவர் வரவேற்பதிலும் விசாரிப்பதிலும் நடக்கும் சில தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் தவறுகள் மிகத் தெளிவாகத் தெரிவது பொறியியல் கல்லூரிகளின் இரண்டாம் ஆண்டு அறைகளில்தான். முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதி. அங்கே எல்லாருமே புதியவர்கள் என்பதால் யாருக்கும் யார்மேலும் உரிமை இராது. இரண்டாம் ஆண்டிலோ, பாலிடெக்னிக் முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேரடியாகச் சேரும் மாணவர், ஏற்கெனவே ஓராண்டு விடுதியில் இருந்து பழகிய ஒருவரின் அறைக்குள் பெட்டியோடு வந்து நிற்கிறார். வயது ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், ஒருவருக்கு அது தம் அறை, மற்றவருக்கு அது இன்னும் அடுத்தவர் அறை.

முதலில் வர வேண்டிய சொல்

தமிழ் வீடுகளில் உள்ளே இருப்பவர்தான் முதலில் "வாங்க" என்று சொல்வார். வந்தவர் அந்தச் சொல்லுக்காக வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். புதிதாக வரும் மாணவர் இந்தப் பழக்கத்தோடுதான் விடுதிக்கும் வருகிறார். அறையில் இருப்பவரோ, இது கல்லூரியின் அறைதானே, நான் யார் வரவேற்பதற்கு என்று எண்ணிக் கைபேசியைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். அவர் எண்ணத்தில் ஆணவம் எதுவும் இல்லை. ஆனால் வந்தவருக்கு அது, வராதே என்று சொன்னதைப் போலவே படுகிறது.

உடன் பெற்றோரும் வந்திருந்தால் தவறு இரட்டிப்பாகிறது. பெரியவர்கள் நின்றுகொண்டிருக்கும்போது படுத்த நிலையிலேயே ஒருவர் தலையசைப்பதை, அவர் பேசாமல் இருப்பதைவிடப் பெரிய அவமதிப்பாக நம் ஊர்களில் எடுத்துக்கொள்வார்கள். எழுந்து நின்று "வாங்கப்பா, வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் உட்காருவதற்குத் தம் கட்டிலின் ஓரத்தை ஒழித்துக் கொடுத்தால் போதும்; அதற்குமேல் பேச்சு தேவையில்லை. ஊர் திரும்பும் பேருந்தில் அந்தத் தாய் தொலைபேசியில் மகனிடம் "கூட இருக்கிற பையன் எப்படி?" என்று கேட்கப்போவது உறுதி. அதற்கான பதில் இந்த இரண்டு நிமிடத்தில்தான் உருவாகிறது.

வருகிறவருடைய பங்கிலும் ஒரு தவறு உண்டு. காலியாகத் தெரியும் கட்டிலில் பெட்டியை வைத்துவிட்டு அதன்பிறகு பேசத் தொடங்குவதே அது. "எந்த அலமாரி காலியா இருக்குங்க?" என்று முதலில் கேட்பது, விடை கண்ணுக்கே தெரிந்தாலும், முன்பிருந்தவரின் இடத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு முகமனாக அமைந்துவிடுகிறது.

நீங்க, நீ, டே

முதல் நாளிலேயே "மச்சான்" என்று தோளில் கைபோடுவது சிலருக்கு இயல்பு. கைபோடப்பட்டவருக்கும் அது இயல்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. "நீங்க" என்று தொடங்கினால் பிறகு "நீ"க்கு இறங்கி வரலாம். "நீ"யில் தொடங்கியவர் பிறகு "நீங்க"வுக்கு ஏறினால் அது கோபத்தின் அடையாளமாகிவிடும். ஒருவர் "நீ" என்றும் மற்றவர் "நீங்க" என்றும் ஒரு வாரத்துக்குமேல் பேசிக்கொண்டிருந்தால், இருவரும் எண்ணாமலேயே ஒருவர் மேலாகவும் ஒருவர் கீழாகவும் ஆகிவிடுவதுண்டு. பெண்கள் விடுதிகளில் ஓராண்டு மூத்தவரை "அக்கா" என்று அழைக்கும் வழக்கம் இதைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. ஒரே ஆண்டில் படிக்கும் இருவருக்கு அந்த வசதி இல்லை.

வட்டார வழக்கு இதை மேலும் சிக்கலாக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை சின்னக் குழந்தையிடமும் "சரிங்க" என்பார். அதில் அவர் விலகி நிற்கவில்லை. நாகர்கோவில் பிள்ளையின் "என்னடே" என்பதில் பிரியம்தான் இருக்கிறது. கேட்டுப் பழகாதவருக்கு அது அதட்டலாக ஒலிக்கும். ஒருவருடைய ஊர்ப்பேச்சை அவருடைய குணமாக முதல் வாரத்தில் கணக்கெடுக்காமல் இருப்பது நல்லது.

கேள்வியாகக் கேட்கப்படும் வணக்கம்

இனி, நான் அதிகமாகப் பார்த்த தவறுக்கு வருகிறேன். ஒத்த வயதினர் இருவர் தினமும் "வணக்கம்" சொல்லிக்கொள்வதில்லை. "காலை வணக்கம்" என்பது மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் வாழ்கிற சொல். நம்முடைய அன்றாட முகமன்கள் கேள்விகளாகவே இருக்கின்றன: சாப்டாச்சா, எங்க கிளம்பிட்டீங்க, இப்பதான் வர்றீங்களா, இன்னும் தூங்கலையா. செய்தியைப் பெறுவதற்காக அல்லாமல் உறவைக் காட்டுவதற்காகவே பேசப்படும் இத்தகைய பேச்சை மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923ஆம் ஆண்டிலேயே தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். தெருவில் இதனால் தொல்லை இல்லை. எதிரே வருகிறவர் "எங்க?" என்றால், "சும்மா, இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம்; கேட்டவரும் அதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை.

அதே கேள்வியைப் பத்தடிக்குப் பத்தடி அறைக்குள், ஒரே ஆள், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் கேட்டால் அதன் தன்மை மாறிவிடுகிறது. கேட்டவருக்கு அது வணக்கம். பதில் சொல்கிறவருக்கு அது வருகைப் பதிவேடு. போதாக்குறைக்கு, வெளியே கிளம்புகிறவரை "எங்கே போகிறாய்?" என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்னும் நம்பிக்கை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கேட்டே ஆக வேண்டிய பெரியவர்கள் "தூரமா?" என்று சுற்றிவளைத்துக் கேட்பதும் அதனால்தான். தேர்வுக்குக் கிளம்புகிற அறைத்தோழரிடம் இதைக் கேட்டுவிட்டு, அவர் முகம் ஏன் சுருங்கியது என்று விளங்காமல் நின்றவர்கள் உண்டு.

சொல்லில் ஒரு சிறு வேறுபாடு பெரிய வேறுபாட்டைச் செய்கிறது. "வந்துட்டீங்களா" என்று முகத்தை நிமிர்த்திச் சொல்வது வெறும் முகமன். அதற்கு "ம்" போதும். "இப்பதான் வர்றீங்களா?" என்றால் நேரம் உள்ளே நுழைந்துவிடுகிறது; இரவு பத்தரை மணிக்கு அந்த "இப்பதான்" காப்பாளரின் குரலைப் போலவே கேட்கும். நள்ளிரவுக்குப் பிறகு "தூங்கலையா?" என்பதற்கு, விளக்கை அணை என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது, அதைத்தான் சொல்ல விரும்பினால் நேராகவே சொல்லிவிடலாம். "சாப்டாச்சா?" மட்டும் ஆபத்தில்லாதது, அதுவும் மெஸ் நேரத்தை ஒட்டிக் கேட்டால்.

கேள்விகள் கூடிவிட்டனவா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. பதில்கள் சுருங்கும். முதல் வாரம் "லைப்ரரிக்குப் போறேன், ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்" என்றவர் இரண்டாம் வாரம் "சும்மா" என்பார். மூன்றாம் வாரம் நீங்கள் குளிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்புவார். அந்த நிலைக்கு வரும்முன், கேள்வியை உங்களைப் பற்றிய செய்தியாக மாற்றிவிடுவது எளிது. "எங்க போறீங்க?" என்பதற்குப் பதிலாக "நான் மெஸ்ஸுக்குப் போறேன், வர்றீங்களா?" எனலாம். அவர் வந்தாலும் வராவிட்டாலும் யாரும் யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை.

ஊர் விசாரிப்பு எங்கே நிற்க வேண்டும்

"எந்த ஊர்?" என்ற கேள்வியில் தவறில்லை. அதைத் தொடர்ந்து எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது என்று அடுக்கினால், கேட்பவர் எங்கே வந்து சேரப்போகிறார் என்பது கேட்கப்படுகிறவருக்கு மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். சாதியை நேராகக் கேட்பது தவறு என்று அறிந்தவர்கள்கூட இந்தச் சுற்றுவழியில் போகிறார்கள். உண்மையிலேயே வெறும் ஆர்வத்தால் கேட்கிறவர்களும் அதே வரிசையில் கேட்பதால் அவர்களும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். ஊரோடு நிறுத்திவிட்டு, அங்கே போக எந்தப் பேருந்து, எத்தனை மணி நேரம் என்று பயணத்தின் பக்கம் திரும்பினால் பேச்சு வளரும். "கவுன்சிலிங்கா, மேனேஜ்மென்ட்டா?" என்பதும், "ஓ, டிப்ளமோவா?" என்பதும் முதல் வாரத்துக்கு உரியவை அல்ல.

சொல்லாமல் இருக்க வேண்டிய நேரங்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அவர் தூங்கும்போதும், கும்பிடும்போதும், வீட்டாரோடு தொலைபேசியில் பேசும்போதும் ஒரு தலையசைப்பே முழு முகமன். இரவில் தாமதமாக வந்தால் பேசாமல் படுத்துவிட்டு, காலையில் "நேத்து எழுப்பிட்டேனா?" என்று கேட்டுக்கொள்ளலாம். எதற்கும் பதில் தராத அறைத்தோழர் வாய்த்தால், ஒரு நாளைக்கு ஒரு முறை என்ற அளவிலேயே பத்து நாள் தொடர்ந்து பாருங்கள். கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். முதன்முறையாக வீட்டை விட்டு வந்தவரின் மௌனத்தில் திமிரைவிட ஏக்கமே அதிகம். கேட்காமல் பொருளை எடுப்பது, அறைக்குள் புகைப்பது போன்றவற்றை எந்த முகமனும் சரிசெய்யாது. அவை வேறு வழக்கு.

நான் பார்த்த ஓர் அறையில் முன்பிருந்தவர் நாகர்கோவில், வந்தவர் பொள்ளாச்சி. பெற்றோர் பெட்டியோடு வாசலில் நின்றபோது முன்பிருந்தவர் படுத்தபடியே "வாடே" என்றார். தம் ஊரில் அதைவிட அன்பாக அழைக்க முடியாது என்பது அவருடைய எண்ணம். பொள்ளாச்சித் தந்தையின் முகம் அன்றே மாறிவிட்டது. அதன்பிறகு ஒவ்வோர் இரவும் "இப்பத்தான் வாறியா?" என்ற கேள்வி. வந்தவர் பதில் சொல்வதைக் குறைத்து, பிறகு சொல்லாமலே போகத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை காலை, மற்றவர் குளிக்கப் போயிருந்தபோது அறையைப் பூட்டிச் சாவியோடு ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டார். இவர் இடுப்புத் துண்டும் கையில் வாளியுமாக வராந்தாவில் நின்று, பக்கத்து அறைக்காரர்கள் வந்து பூட்டை உடைக்கும்வரை ஒரு மணி நேரம் சிரிப்புக்கு ஆளானார். திங்கட்கிழமை இருவரிடமிருந்தும் என் மேசைக்கு விண்ணப்பம் வந்தது. காரணம் என்ற இடத்தில் இருவருமே விளக்கைத்தான் எழுதியிருந்தார்கள்.

தனித்தனியாகக் கேட்டபோது முழுக் கதையும் வெளிவந்தது. நான் இரண்டே செய்தி கேட்டுக்கொண்டேன்: ஒருவர் நேரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக்கூடாது, மற்றவர் சொல்லாமல் கிளம்பக்கூடாது. இரண்டு வாரம் பார்க்கலாம் என்று விண்ணப்பங்களை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த வராந்தா வழியாக நடந்தபோது உள்ளிருந்து குரல் கேட்டது. "ஊருக்குப் போயிட்டு வர்றனுங்க. சாவிய ஜன்னல்ல வெச்சிருக்கறனுங்க." "சரிடே, பாத்துப் போ." ஒருவர் தம் "ங்க"வை விடவில்லை, மற்றவர் தம் "டே"யை விடவில்லை. விண்ணப்பங்களைத் திரும்பக் கேட்டு இருவருமே வரவில்லை.