பிரெட் கணக்கில் முனைத்துண்டைச் சேர்க்காதீர்கள்

போன வாரம் அனுப்பானடியில் புதிதாக சாண்ட்விச் ஆர்டர் பிடித்த தங்கை ஒருத்தி கணக்குச் சீட்டைக் காட்டினாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய என் சீட்டையே பார்த்த மாதிரி இருந்தது. 150 பேர், ஆளுக்கு மூன்று ஸ்லைஸ், மொத்தம் 450. பாக்கெட்டுக்கு 18 ஸ்லைஸ், ஆகவே 25 பாக்கெட். கணக்கு அச்சுப் பிசகாமல் சரி. சாண்ட்விச்தான் பத்தாது.

முனைத்துண்டும் ஸ்லைஸ் என்று எண்ணுவது

பாக்கெட்டின் இரு கோடியிலும் ஒரு பக்கம் முழுக்கப் பழுப்புத் தோலோடு ஒரு துண்டு இருக்குமே, அதை யாரும் சாண்ட்விச்சாகச் சாப்பிடுவதில்லை. 18 என்பது உண்மையில் 16தான். 25 பாக்கெட்டில் 50 துண்டு போச்சு, அதாவது 25 சாண்ட்விச். திருநகரில் ஒரு பிறந்தநாளில் இதே கணக்கைப் போட்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்கு பேக்கரி பேக்கரியாக அலைந்தேன். எங்கேயும் பன்னும் இனிப்பு பிரெட்டும்தான் மிச்சம். உருளைக்கிழங்கு மசாலாவை இனிப்பு பிரெட்டில் வைத்துக் கொடுத்த அன்று அந்த வீட்டு அத்தை என்னைப் பார்த்த பார்வை இன்னும் எரிகிறது.

சரியான கணக்கு இது: 450ஐ 16ஆல் வகுத்தால் 28க்குக் கொஞ்சம் மேல், ஆக 29 பாக்கெட். நசுங்கியது, கிழிந்தது என்று இரண்டு கூட்டி 31 வாங்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு பாக்கெட்டைப் பிரித்து நீங்களே எண்ணுங்கள். உள்ளூர் பேக்கரியில் ஸ்லைஸ் கனமாக இருந்தால் உள்ளே 14கூட இருக்காது. உறையில் போட்டிருக்கும் எடை உங்களுக்கு எத்தனை ஸ்லைஸ் என்று சொல்லாது.

மசாலாவை ஸ்லைஸால் பெருக்குவது

அந்தத் தங்கை 450ஐ 40 கிராமால் பெருக்கி 18 கிலோ என்று எழுதியிருந்தாள். மசாலா இரண்டு ஸ்லைஸுக்கு நடுவில் ஒரு தடவைதான் போகிறது. 225 சாண்ட்விச், 9 கிலோ போதும். அதற்கு ஏழு கிலோ கிழங்கு, இரண்டு கிலோ வெங்காயம், ஒன்றரை கிலோ பட்டாணியும் கேரட்டும். முதல் சாண்ட்விச்சைத் தராசில் வைத்துப் பாருங்கள். கைக்குப் பழகிய கரண்டி 40 என்று நினைத்து 60ஐ அள்ளிவிடும். அப்படிப் போனால் 150வது சாண்ட்விச்சிலேயே பாத்திரம் காலி.

சட்னி

வெண்ணெய் தடவாத ஸ்லைஸில் நேராகத் தடவினால் அரை மணியில் ஊறிவிடும்.

வெள்ளரிக்காய்

அடுக்கும்போது மட்டும் உப்பு.

முனைத்துண்டு வீணா?

இல்லை. 31 பாக்கெட்டில் 62 தேறும். வெயிலில் காயவைத்துப் பொடித்து, அடுத்த கட்லெட் ஆர்டருக்கு டப்பாவில் போட்டுவைக்கிறேன். நன்றாக மொறுமொறுவென்று காயாமல் பொடித்தால் மூன்றாம் நாளே பூஞ்சை.