இன்ட்ராடே பொசிஷனை புரோக்கருக்கு முன் நாமே மூட

புரோக்கர் தானாகவே பொசிஷனை மூடும் ஸ்கொயர்-ஆஃப் நேரம் 3:20 என்றால், பொசிஷனை மூடும் உங்கள் ஸ்கிரிப்டை 3:10-க்கே ஓட விடுங்கள். முதலில் நிலுவையில் உள்ள ஸ்டாப்லாஸ் ஆர்டர்களை ரத்து செய்துவிட்டு, அப்புறம் பொசிஷனை மூட வேண்டும். ஸ்டாப்லாஸ் அப்படியே கிடந்தால், பொசிஷன் மூடிய பிறகும் அது தூண்டப்பட்டு எதிர்ப்பக்கம் புதுப் பொசிஷனைத் திறந்துவிடும். புரோக்கரே மூடினால் பல இடங்களில் ஆர்டருக்கு 50 ரூபாயும் ஜிஎஸ்டியும் போகும். அது தண்டச் செலவு.

ஆர்டர் எண் வந்ததாலேயே விற்றாகிவிட்டது என்று நம்பாதீர்கள். ஸ்டேட்டஸ் `COMPLETE` ஆகியிருக்க வேண்டும். 100 பங்கில் 60 மட்டும் விற்று 40 நின்றால், மிச்ச ஆர்டரை ரத்து செய்து, நிகர அளவை மறுபடி படித்து, 40-க்கு மட்டும் ஆர்டர் போடுங்கள். படிக்காமல் மீண்டும் 100 விற்றால் 60 பங்கு ஷார்ட்டில் நிற்பீர்கள். இரண்டு முறை முயன்றும் நிகர அளவு பூஜ்யம் ஆகாவிட்டால், ஸ்கிரிப்ட் போனுக்குச் செய்தி அனுப்பட்டும். கையால் மூட 3:20 வரை நேரம் இருக்கும்.

சர்க்யூட்டில் பூட்டிய பங்குக்கு இது உதவாது. அப்பர் சர்க்யூட்டில் விற்பவரே இருக்க மாட்டார். ஷார்ட் அடித்தவர் திரும்ப வாங்க முடியாமல் எக்ஸ்சேஞ்சின் ஏலத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.