புது கிளினிக் திறப்புக்கு ஒரு கேரசல்: ஆறு ஸ்லைடு போதும்

தெருமுனையில் ஒரு சின்ன கிளினிக் திறக்கிறது. ஒரு பொது மருத்துவர், ஒரு நர்ஸ், ரத்த மாதிரி எடுக்கும் வசதி. இதற்கு இன்ஸ்டாகிராம் கேரசல், அதாவது ஒரே பதிவில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படங்கள், செய்வோம்.

முதலில் கேன்வாவில் 1080 x 1350 பிக்சல் அளவில் பக்கம் திறந்துகொள்ளுங்கள். முதல் ஸ்லைடின் வடிவம்தான் மற்றவற்றுக்கும் வரும். தமிழுக்கு Mukta Malar எழுத்துரு நன்றாக வாசிக்க வரும். பழைய பாமினி எழுத்தில் தட்டச்சு செய்ததை ஒட்டினால் வெறும் குப்பை எழுத்துதான் வரும்.

ஸ்லைடு 1: ‘பொது மருத்துவ கிளினிக் திறக்கிறோம்’ என்ற வரி, தேதி, அடையாளம். கதவு எண்ணைவிட ‘பிள்ளையார் கோயில் எதிரில்’ என்பதுதான் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும். ‘வரும் ஞாயிறு’ என்று மட்டும் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பவருக்கு எந்த ஞாயிறு என்று புரியாது.

ஸ்லைடு 2 நேரம் மட்டும். முதல் ஸ்லைடைத் தள்ளாமல் கடந்தவருக்குச் சில சமயம் இதுதான் அடுத்த முறை தெரியும்.

காலை 9 முதல் 1 வரை
மாலை 5 முதல் 9 வரை
ஞாயிறு காலை மட்டும்
கடைசி டோக்கன் இரவு 8.30

அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் 8.55க்கு வந்து நிற்பவரோடு ரிசப்ஷனில் தினமும் வாக்குவாதம்தான். படத்தை போனில் திறந்து, வீட்டுப் பெரியவரிடம் பெரிதாக்காமல் வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

ஸ்லைடு 3 சேவைகள். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், புண்ணுக்குக் கட்டு என்று மக்கள் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள். ‘எக்ஸ்ரே இங்கே இல்லை, அவசரத்துக்கு 108’ என்பதும் வேண்டும். ‘சிறந்த மருத்துவர்’, ‘சர்க்கரையை அடியோடு குணமாக்குவோம்’ என்றெல்லாம் வேண்டாம். 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் புதிதாகத் தொழில் தொடங்கும் அறிவிப்பை அனுமதிக்கின்றன, நோயாளிகளை ஈர்க்கும் விளம்பரத்தை அல்ல. சர்க்கரையைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

ஸ்லைடு 4 முதல் முறை வருபவருக்கு. பழைய சீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரையின் அட்டை. (‘வெள்ளை மாத்திரை, டாக்டர்’ என்பதை வைத்து அவர் என்ன செய்வார்?) எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க 8 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் முன்பே போனில் கேட்டுவிடட்டும்.

ஸ்லைடு 5 வழி, போன் எண். படத்தில் உள்ள எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. அதனால் கேப்ஷனிலும் எழுதுங்கள், புரொஃபைலில் அழைப்பு பட்டனும் வையுங்கள்.

திறப்பு விழா அழைப்பைக் கடைசி ஸ்லைடாகத் தனியே வையுங்கள். போட்ட பிறகு படத்தை மாற்ற முடியாது, ஆனால் ஒரு ஸ்லைடை மட்டும் நீக்கலாம். விழா முடிந்ததும் அதை எடுத்துவிட்டு, பதிவை புரொஃபைலில் பின் செய்துவிடுங்கள்.