பாதித் தவணையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டுவதில் நாம் செய்யும் தவறுகள்

கோத்தகிரியில் என் தம்பி வீடு கட்ட 20 லட்சம் கடன் வாங்கினான். வட்டி 9 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 17,995 ரூபாய். தவணையைப் பாதியாக்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டினால் வட்டியில் லட்சக்கணக்கில் மிச்சமாகும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே ஆரம்பித்தான். முதல் மாதமே தவணை திரும்பிப் போனது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 20 வருடமும் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் வட்டி மட்டும் ஏறக்குறைய 23.19 லட்சம். அதையே 8,997 ரூபாயாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டி, ஒவ்வொரு முறையும் அசலில் உடனே கழித்தால், கடன் 16 வருடம் 4 மாதத்தில் முடியும். வட்டி சுமார் 18.2 லட்சம்தான் வரும். கிட்டத்தட்ட 5 லட்சம் மிச்சம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். பணம் சீக்கிரம் சீக்கிரமாகப் போவதால்தான் இத்தனை மிச்சம் என்று நினைத்து, ஒன்றாம் தேதி பாதி, பதினைந்தாம் தேதி பாதி என்று பிரித்துக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். அப்படிக் கட்டினால் 20 வருடத்திலும் சேர்த்து மிச்சமாவது வெறும் 8,000 ரூபாய் போல. காரணம் எளிது. மாதத்துக்கு இரண்டு முறை என்றால் வருடத்துக்கு 24 பாதி, அதாவது அதே 12 தவணை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 26 பாதி, அதாவது 13 தவணை. அந்தப் பதின்மூன்றாவது தவணை முழுக்க அசலில் கழிகிறது. 5 லட்சத்தில் ஏறக்குறைய எல்லாமே அதன் வேலைதான்.

ஒரே ஒரு தவணைக்கு எப்படி இவ்வளவு வலு என்று கேட்கலாம். தம்பியின் முதல் மாதத் தவணை 17,995 ரூபாயில் வட்டிக்குப் போனது 15,000, அசலில் கழிந்தது 2,995. ஆரம்ப காலத்தில் கூடுதலாக ஒரு தவணை கட்டினால், ஆறு மாதம் கட்டிக் கழிக்க வேண்டிய அசல் ஒரே நாளில் கழிந்துவிடும். கடைசி வருடங்களில் கட்டும் கூடுதல் தவணைக்கு இந்த வலு கிடையாது. அப்போது தவணையில் பெரும்பகுதி ஏற்கெனவே அசலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

சரி, தம்பிக்கு நடந்தது என்ன? அவன் தவணை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும். இருபதாம் தேதி 8,997 ரூபாயைக் கடன் கணக்குக்கு அனுப்பிவிட்டு, ஐந்தாம் தேதி மீதிப் பாதியைத்தான் எடுப்பார்கள் என்று இருந்துவிட்டான். கடன் கொடுத்தவர்களின் கணினிக்கு அவன் திட்டம் எப்படித் தெரியும்? ஐந்தாம் தேதி முழு 17,995 ரூபாயையும் கேட்டது. சேமிப்புக் கணக்கில் 11,000 சொச்சம்தான் இருந்தது. தவணை திரும்பியது. வங்கி ஒரு அபராதம் போட்டது, கடன் கொடுத்தவர்கள் இன்னொன்று போட்டார்கள். அன்று சாயங்காலமே கடன் வாங்கி முழுத் தவணையையும் கட்டி முடித்தான். அப்புறம் கடன் கணக்கின் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். இருபதாம் தேதி அனுப்பிய பாதி, ‘அதிகப்படியாக வந்த தொகை’ என்று தனியாக ஒதுங்கிக் கிடந்தது. அசலில் ஒரு ரூபாய்கூடக் கழியவில்லை, வட்டியும் குறையவில்லை.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலருக்குச் சம்பளமே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. இந்த முறை அங்கே அதோடு பொருந்திப் போகிறது. நம் கடன்களோ மாதத் தவணைக்கென்று எழுதப்பட்டவை, நம் வருமானமும் அப்படித்தான். தம்பிக்குப் பள்ளிச் சம்பளம் மாதம் ஒருமுறை. அரை ஏக்கர் தோட்டத்துப் பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி கணக்கு முடிப்பதும் மாதம் ஒருமுறை. இரண்டு வாரக் கணக்கில் போனால் வருடத்தில் பெரும்பாலும் இரண்டு மாதங்களில் மூன்று பாதி விழும், அந்த மாதம் 26,991 ரூபாய் வேண்டும். அது உறைபனியில் கொழுந்து கருகி, இலைப் பணம் சுருங்கிக் கிடக்கும் ஜனவரியில் வந்தால் எங்கே போவது?

அதனால் பாதிப் பாதியாகக் கட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, பதின்மூன்றாவது தவணையை மட்டும் எடுத்துக்கொண்டோம். வழக்கமான தவணை ஐந்தாம் தேதி அதுபாட்டுக்குப் போகட்டும். அதோடு தவணையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, தம்பி கணக்கில் 1,500 ரூபாய், மாதாமாதம் அசலுக்கென்று தனியாகக் கட்டினால் மிச்சம் சுமார் 4.9 லட்சம். இரண்டு வார முறைக்கும் இதற்கும் மொத்தத்தில் வித்தியாசம் சுமார் 7,500 ரூபாய்தான். சில இடங்களில் இவ்வளவு சிறிய தொகையை அசலில் முன்கூட்டிக் கழிக்க ஏற்க மாட்டார்கள். அப்படியானால் இலை நன்றாக வரும் மாதங்களில் சேர்த்து வைத்து, வருடத்துக்கு ஒருமுறை முழுத் தவணையாகக் கட்டலாம். அப்போதும் 4.6 லட்சம் போல மிச்சமாகும். வீட்டில் இதைவிட அதிக வட்டிக்கு நகைக் கடன் இருந்தால், முதலில் அதை அடைப்பதுதான் சரி.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. கூடுதல் பணத்தைச் சரியாகக் கட்டிவிட்டு, தவணைத் தொகை குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுவது. முதல் வருட முடிவில் தம்பி 18,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தவணை அப்படியே இருந்து காலம் குறைந்தால், கடைசியில் ஐந்தரை மாதத் தவணை காணாமல் போகும், வட்டியில் 79,000 ரூபாய் மிச்சம். காலம் அப்படியே இருந்து தவணை குறைந்தால், மாதம் 165 ரூபாய் கையில் நிற்கும், வட்டியில் மிச்சமாவது 19,600 ரூபாய்தான். கட்டும்போதே ‘தவணைத் தொகை மாற வேண்டாம், காலத்தைக் குறையுங்கள், முழுவதும் அசலில் வரவு வையுங்கள்’ என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிலையான வட்டிக் கடனுக்கு ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் சரியான இடத்துக்குப் போனதா என்று அடுத்த மாத அறிக்கையிலேயே தெரியும். முதல் தவணை மட்டும் கட்டியிருந்தால் அசல் பாக்கி 19,97,005 ரூபாய். அதே நாளில் 1,500 கூடுதலாகக் கட்டியிருந்தால் 19,95,505 என்று இருக்க வேண்டும். அடுத்த மாத வட்டியும் 14,978 ரூபாய்க்குப் பதில் 14,966 ஆக இருக்கும். வட்டியைத் தினசரி கணக்கிடுபவர்களிடம் இது நாளைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அசல் பாக்கியில் அந்த 1,500 குறையவில்லை என்றால், பணம் வேறெங்கோ ஒதுங்கிக் கிடக்கிறது. அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வாரமே கிளைக்குப் போய்க் கேளுங்கள்.